இரட்டைப் பிளவுப் படம்: மூன்று விதமாக அளந்தால் மூன்று பாதை வேறுபாடு வருகிறது

ஜூரோங்வாசி

மகள் ஜேசியில், அதாவது தொடக்கக் கல்லூரியில், முதலாம் ஆண்டு. இரட்டைப் பிளவுச் சோதனைக்குப் படம் வரைந்து, முதல் வெளிச்சப் பட்டைக்கும் முதல் இருள் பட்டைக்கும் பாதை வேறுபாடு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ இரண்டு கோடு இழுத்து λ என்று எழுதிவிட்டுப் போகிற பெண் இல்லை அவள். ஸ்கேல் வைத்து அளவாக வரைந்துவிட்டாள். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

மேல் பிளவு S₁, கீழ்ப் பிளவு S₂, இடைவெளி a = 3 செ.மீ. திரை D = 12 செ.மீ. தள்ளி. அலைநீளம் λ = 1 செ.மீ. என்று அவளே வைத்துக்கொண்டாள். x = λD/a என்று போட்டால் 4 செ.மீ. வருகிறது. அதனால் நடுக்கோட்டிலிருந்து 4 செ.மீ. மேலே திரையில் P என்று ஒரு புள்ளி. S₁-இலிருந்து S₂P கோட்டுக்குச் செங்குத்து இறக்கி, அது தொடும் இடத்துக்கு N என்று பெயர் வைத்து, S₂N = λ என்று குறித்தாள்.

அளந்து பார்த்தால் S₂N 12.5 மி.மீ. இருக்கிறது. சரி, நேராகவே பார்ப்போம் என்று S₂P-யையும் S₁P-யையும் தனித்தனியாக அளந்து கழித்தால் 9.5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. சூத்திரப்படி 10 மி.மீ. வரவேண்டும். மூன்றில் எதை நம்புவது?

---

கணக்குப்புலி

பென்சில் முனை தடிமனாக இருந்தால் அங்கே ஒரு மில்லிமீட்டர், இங்கே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். மெக்கானிக்கல் பென்சில் வாங்கிக் கொடுங்கள். எல்லாப் புத்தகத்திலும் செங்குத்துதான் போட்டிருக்கிறது, அதில் தப்பு இருக்காது. திரையை இன்னும் தள்ளி வரையச் சொல்லுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

---

பிடோக் டியூஷன்

புலி, பென்சில் முனை 3 மி.மீ. தின்னாது. அந்தப் பெண் அளந்த மூன்றும் சரியான அளவுகள்தான். ஆனால் மூன்றும் ஒரே பொருளின் அளவு இல்லை.

ஜூரோங்வாசி, மகளை ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். P-யைத் திரையின் நட்ட நடுவில் வைக்கட்டும். அங்கே S₁P-யும் S₂P-யும் சமம், பாதை வேறுபாடு பூஜ்யம். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. இப்போது முன்போலவே S₁-இலிருந்து S₂P-க்குச் செங்குத்து இறக்கட்டும். S₂N கிட்டத்தட்ட 3.7 மி.மீ. வரும். வேறுபாடே இல்லாத இடத்தில் இந்த 3.7 மி.மீ. எங்கிருந்து வந்தது?

N என்ற புள்ளிக்கு ஒரே ஒரு வேலைதான். N-இலிருந்து P வரை உள்ள தூரமும், S₁-இலிருந்து P வரை உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மிச்சமிருக்கும் S₂N, இரண்டாவது அலை கூடுதலாக நடந்த தூரம் ஆகும். PN = PS₁ என்றால் P, S₁, N சேர்ந்து இருசமபக்க முக்கோணம். அதில் S₁-இலும் N-இலும் உள்ள கோணங்கள் சமம். இரண்டும் 90 பாகை ஆக முடியாது அல்லவா? P வெகுதூரம் போகப் போக இரண்டும் 90-ஐ நெருங்கும், அவ்வளவுதான். 12 செ.மீ. தூரத்தில் நெருங்கவில்லை.

அதனால் அளவாக வரைகிற படத்தில் செட் ஸ்குவேரைத் தொடாதீர்கள். காம்பஸ் எடுங்கள். ஊசி P-இல், பென்சில் S₁-இல். அப்படியே S₂P-ஐ வெட்டும்வரை ஒரு வில். வெட்டிய இடம்தான் N.

---

தேக்கா டீ

நான் படித்ததை வைத்துச் சொல்கிறேன். நடுப்பட்டை மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்க வேண்டும். a sinθ = λ வந்தால் அது இருட்டு. உங்கள் மகள் λ-வுக்கு வெளிச்சம் என்று போட்டிருக்கிறாள், அதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.

---

பிடோக் டியூஷன்

அண்ணே, நீங்கள் சொல்வது ஒற்றைப் பிளவு. அங்கே a என்பது அந்த ஒரு பிளவின் அகலம். பிளவின் மேல்பாதியிலிருந்து வரும் அலையைக் கீழ்பாதியிலிருந்து வருவது சோடி சோடியாக அடித்துவிடும், அதனால் λ-வுக்கு இருட்டு. இங்கே a என்பது இரண்டு பிளவுகளுக்கு நடுவே உள்ள தூரம். ஒரு முழு அலை பின்தங்கி வந்தால் மறுபடியும் தாளம் சேர்ந்துவிடும், வெளிச்சம். எழுத்து ஒன்றாக இருப்பதால் பரீட்சையிலேயே நிறையப் பேர் இதில் விழுகிறார்கள்.

---

ஜூரோங்வாசி

நடுப்புள்ளிச் சோதனை செய்தாள், 3.5-க்கும் 4-க்கும் இடையில் வந்தது. காம்பஸ் வைத்ததும் N நேராக S₂-மேலேயே விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுச் செட் ஸ்குவேரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

ஆனால் P-யை 4 செ.மீ.யில் வைத்தால் காம்பஸ் முறையிலும் 9.4 மி.மீ.தான் வருகிறது. 10 எங்கே போயிற்று?

---

பிடோக் டியூஷன்

அது சூத்திரத்தின் குறும்பு. λD/a என்பது sinθ-வுக்குப் பதிலாக tanθ-வைப் போட்டு எழுதியது. கோணம் சின்னதாக இருந்தால் இரண்டும் ஒன்று. அவள் படத்தில் நடுவிலிருந்து P-க்குக் கோணம் 18 பாகைக்கு மேல். அங்கே இரண்டும் விலகிவிடும்.

அவள் எடுத்த அளவுகளுக்கு உண்மையான முதல் வெளிச்சம் 4 செ.மீ.யில் இல்லை, 4.27 செ.மீ.யில் இருக்கிறது. அங்கே S₁P 12.32, S₂P 13.32. கழித்தால் 1 செ.மீ. முதல் இருள் 2.04 செ.மீ.யில். அங்கே S₁P 12.01, S₂P 12.51. வேறுபாடு அரை செ.மீ., அதாவது அரை அலைநீளம். இருளுக்கு λD/2a போட்டிருந்தால் 2.00 வந்திருக்கும். கோணம் சின்னது, பிசகும் சின்னது.

இதே இருள் புள்ளியில் செங்குத்து இறக்கினால் S₂N 8.5 மி.மீ. வரும். வரவேண்டியது 5. அரை அலை என்று எழுத வேண்டிய இடத்தில் முக்கால் அலைக்கும் மேலே படம் காட்டும்.

---

கணக்குப்புலி

நான் சொன்ன "திரையைத் தள்ளி வை" என்பதும் அதேதானே? தூரம் கூடினால் செங்குத்து சரியாகிவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

---

பிடோக் டியூஷன்

திசை சரி, தூரம்தான் காணாது. நடுப்புள்ளியில் செங்குத்து காட்டும் பொய்யான வேறுபாடு ஏறக்குறைய a²/2D. ஏ4 தாளின் முழு நீளத்தையும் எடுத்து D = 29 செ.மீ. வைத்தாலும் 1.5 மி.மீ. மிச்சம் நிற்கும்.

ஆய்வகத்தில் எப்படி என்று பாருங்கள். பிளவு இடைவெளி 0.25 மி.மீ., திரை 2 மீட்டர், சிவப்பு லேசர் 650 நானோமீட்டர். அதே a²/2D இங்கே 16 நானோமீட்டர்தான். அலைநீளத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அதனால்தான் செங்குத்து அங்கே நியாயமாகிறது, புத்தகமும் அதைப் போடுகிறது. புத்தகத்துப் படம் ஆய்வகத்தைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் வரைந்திருப்பது 12 செ.மீ. தாளில்.

---

முன்னாள் ஜேசி

எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. பரீட்சையில் யாரும் காம்பஸ் வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஒரே படத்தில் P-யும் வேண்டும், பாதை வேறுபாடும் தெரிய வேண்டும். செங்குத்துக் குறி போடாவிட்டால் மதிப்பெண் போய்விடாதா?

---

பிடோக் டியூஷன்

நான் பிள்ளைகளை இரண்டு படம் போடச் சொல்வேன். முதல் படத்தில் பிளவு, திரை, P, நடுக்கோடு, a, D, x எல்லாம். கீழே "அளவுக்கு வரையப்படவில்லை" என்று ஒரு வரி. இந்தப் படத்தில் N வேண்டாம்.

இரண்டாவது படம் பிளவுகளுக்குப் பக்கத்தில் மட்டும் பெரிதாக்கியது. திரை கண்ணிலேயே படாது. இரண்டு கதிர்களும் இணையாக, இரண்டும் θ கோணத்தில் மேலே போகின்றன. இங்கே S₁-இலிருந்து கீழ்க்கதிருக்குத் தாராளமாகச் செங்குத்து இறக்கலாம், சின்னச் சதுரக் குறியும் போடலாம். S₁-இல் S₂ பக்கத்துக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணம் θ, எதிரே உள்ள பக்கம் S₂N = a sinθ. θ-வைத் தவறான மூலையில் குறிப்பவர்கள் அதிகம். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மனதுக்குள் கதிர்களைப் படுக்கை வசமாகச் சாய்த்துப் பாருங்கள். θ பூஜ்யமாகும்போது N நகர்ந்து S₂-இல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் குறித்த மூலை தப்பு.

"இணைக் கோடுகள் எப்படி P-இல் சந்திக்கும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான். நான் சொன்ன ஆய்வக அளவுகளில் இரண்டு கதிர்களுக்கும் நடுவே உள்ள கோணம் 0.007 பாகை. 3 செ.மீ. இடைவெளியில் பிளவுகளை வரைந்தால் அது 120 மடங்கு பெரிதாக்கல், திரை 240 மீட்டர் தள்ளிப் போகும். தாளில் தெரியும் துண்டில் அந்தச் சாய்வைக் காட்ட எந்தப் பேனாவாலும் முடியாது. அதே பெரிதாக்கலில் அலைநீளம் 0.08 மி.மீ.கூட வராது, பென்சில் கோட்டின் தடிமனைவிடக் குறைவு. ஆக, எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒரே தாளில் காட்டுவது நடக்காத காரியம். எதை ஊதிக் காட்டுகிறோம் என்று முடிவு செய்துதான் வரைய வேண்டும்.

---

முன்னாள் ஜேசி

இரண்டு படத்துக்கு இடம் கொடுக்காத கேள்வித்தாளும் உண்டே. எங்களுக்கு ஒரே படத்தில் செங்குத்தோடுதான் சொல்லிக் கொடுத்தார்கள், பக்கத்தில் "D, a-வைவிட மிகப் பெரியது" என்று எழுதுவோம். அந்த வரி இருந்தால் போதாதா? உங்கள் முறை சரிதான், ஆனால் நேரம்?

---

பிடோக் டியூஷன்

அந்த வரி இருந்தால் நான் மதிப்பெண் கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் கொடுப்பார்களா என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வில்லா செங்குத்தா என்று தெரியாதபடி அரைகுறையாக ஒரு குட்டிக் கோடு போட்டு வைப்பார்கள் பாருங்கள், அதற்குத்தான் கை வராது.

---

ஜூரோங்வாசி

இன்னொரு சிக்கல். கதிர்களின் மேல் அலை வரைந்து காட்டுகிறாள். S₁-இல் முகட்டில் தொடங்கி P வரை வளைத்துக்கொண்டு போனால், P-இல் முகடு வரவில்லை, சரிவில் எங்கோ நிற்கிறது. வெளிச்சம் என்றால் முகடும் முகடும் சந்திக்க வேண்டாமா?

---

பிடோக் டியூஷன்

12.32 அலைநீளம் நடந்தால் பன்னிரண்டு முழு அலை போக மூன்றில் ஒரு பங்கு மிச்சம், முகட்டில் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. S₂-இலிருந்து வருவது 13.32. அதுவும் அதே மூன்றில் ஒரு பங்கில்தான் முடியும். இரண்டும் ஒரே நிலையில் வந்து சேர்கின்றன, அதுதான் வெளிச்சம். அடுத்த கணம் அங்கே முகடு இருக்கும், இன்னும் சற்று நேரத்தில் அகடு இருக்கும், இரண்டுக்கும் ஒரே சமயத்தில். இருள் புள்ளியில் ஒன்று ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கும், எந்தக் கணத்திலும்.

அலை முழுவதையும் வரைந்து கை வலிக்க வேண்டாம். N-இலிருந்து P-க்கும் S₁-இலிருந்து P-க்கும் தூரம் சமம், அங்கே நடப்பது இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க S₂N-க்குள் இருக்கிறது. அந்தத் துண்டில் மட்டும் அலை வரையட்டும். வெளிச்சப் படத்தில் அங்கே ஒரு முழு அலை, இருள் படத்தில் பாதி அலை. பார்த்தவுடன் புரியும்.

---

பொங்கோல் ஸ்பீக்கர்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் சமூக மன்ற விழாக்களுக்கு ஒலி அமைக்கிறவன், ஒளி எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மகள் வரைந்தது என் தொழில் படம் மாதிரி இருக்கிறது. 3 செ.மீ. இடைவெளி, 12 செ.மீ. தூரம், 1 செ.மீ. அலை. இதை 50 மடங்கு ஆக்குங்கள். இரண்டு ஸ்பீக்கர் 1.5 மீட்டர் இடைவெளியில், கேட்பவர் 6 மீட்டர் தள்ளி, அலைநீளம் அரை மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர் பக்கம், அப்படியானால் 700 ஹெர்ட்ஸ். போனிலேயே அந்தச் சத்தம் எழுப்பலாம்.

நடுவிலிருந்து பக்கவாட்டில் நடந்தால் ஏறக்குறைய 1 மீட்டரில் சத்தம் அமுங்கும், 2.1 மீட்டரில் மறுபடி எழும். அடுக்குமாடி வாய்ட் டெக்கில் மட்டும் செய்யாதீர்கள். தூணிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் சத்தம் எல்லாவற்றையும் குழப்பிவிடும், அக்கம்பக்கத்தார் திட்டு தனி. திறந்த புல்வெளி நல்லது.

---

பிடோக் டியூஷன்

அருமை! அளவாக வரைந்த படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது. இங்கே கோணம் பெரிது, λD/a சொல்வது 2 மீட்டர், காம்பஸ் சொல்வது 2.14. வித்தியாசத்தை அளவு நாடாவிலேயே பார்க்கலாம். இரண்டு ஸ்பீக்கரும் கம்பியில் ஒரே பெட்டியோடு இணைந்திருக்கட்டும். தனித்தனி புளூடூத் என்றால் ஒன்றுக்கு ஒரு மில்லிநொடி தாமதம் ஆனாலே முக்கால் அலைக்கு அருகில் பின்தங்கிவிடும், படமே வேறாகிவிடும்.

---

ஜூரோங்வாசி

காம்பஸ் படம் இரண்டும் முடிந்தன, 4.27-க்கு ஒன்று, 2.04-க்கு ஒன்று. அத்தோடு விடுவாளா? அடுத்தடுத்த பட்டைகளையும் தேடினாள். இரண்டாவது இருள் 7 செ.மீ.க்குச் சற்றுக் கீழே வருகிறது, சூத்திரம் 6 என்கிறது. இரண்டாவது வெளிச்சம் 8-இல் வராமல் 10.8-க்கு ஓடிவிட்டது. பட்டைகள் சம இடைவெளியில் இருக்கும் என்று படித்தோமே என்கிறாள்.

---

பிடோக் டியூஷன்

பாதை வேறுபாடு மாறாமல் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் அதிபரவளையம் வரும். நடுக்கோட்டுக்கு அருகே உள்ள வளையங்கள் திரையை ஏறக்குறைய சம இடைவெளியில் வெட்டும். வெளியே போகப் போகச் சரிந்து விரியும். லேசரில் முதல் பட்டைக்குக் கோணம் 0.15 பாகைதான், அதனால் 5.2 மி.மீ. 5.2 மி.மீ. என்று வரிசையாக நிற்கும், இந்த விரிவு கண்ணுக்குத் தெரியாது. இவள் படத்தில் மூன்றாவது வெளிச்சமே கிடையாது. a = 3λ என்பதால் அதற்கு S₁S₂ கோட்டின் நீட்சிக்கே போக வேண்டும், திரைக்கு வராது.

---

பொங்கோல் ஸ்பீக்கர்

சனிக்கிழமை வேலை முடிந்து திடலில் பெட்டிகள் இருந்தன, கம்பியோடுதான் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் 0.85 மீட்டரில் அமுங்குகிறது, வலப்பக்கம் 1.2-இல். சுத்தமாக அடங்கவில்லை, ஆனால் காதுக்கு நன்றாகவே தெரிகிறது. இரண்டு பக்கமும் ஏன் ஒன்றாக இல்லை? ஒரு ஸ்பீக்கர் கொஞ்சம் சத்தம் கூடவா?

---

கணக்குப்புலி

சத்தம் கூடினால் நகரும், நிச்சயம் அதுதான்.

---

பிடோக் டியூஷன்

சத்தம் வேறுபட்டால் இடம் நகராது, அமுங்குவது குறையும், அவ்வளவே. சுத்தமாக அடங்காததற்கு அது காரணமாக இருக்கலாம். இடம் நகர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டும். மொத்த அமைப்பும் வலப்பக்கம் 17 செ.மீ. போல நகர்ந்திருக்கிறது. அதற்கு ஈடான பாதை வேறுபாடு 4 செ.மீ.க்குச் சற்று மேல். இடது ஸ்பீக்கர் அவ்வளவு முன்னே தள்ளி இருந்தாலே போதும். நடுவில் உரத்த இடமும் அதே அளவு வலப்பக்கம் போயிருந்ததா?

---

பொங்கோல் ஸ்பீக்கர்

நடுவைப் பார்க்கவில்லை. இடது பெட்டி சரிவில் நின்றது, முன்னே இருந்ததா என்று நாடா வைக்கவில்லை. பின்னால் ஒரு சுவரும் இருந்தது. அடுத்த முறை நடுவிலிருந்து தொடங்குகிறேன்.